வலது முனையில் மட்டும் கொப்புளம்: ஒரு கொலர் ஓடரின் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிப் பக்கம் ஆறு மெஷினும், கொலருக்குள் கன்வஸ் என்கிற பசை பூசிய விறைப்புத் துணியைச் சூட்டில் ஒட்டுகிற ஒரு பழைய பியூசிங் பிரஸ்ஸும் வைத்துத் தையல் வேலை செய்கிற அண்ணை ஒருவர். நவம்பர் மாதம் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு என்று 120 சேட் ஓடர் எடுத்தார். வெளிர் நீலம், 65/35 பொலியெஸ்டர் பருத்திக் கலவை, முழுக்கை. குறித்த நாளில் கொடுத்தும் விட்டார். அணிந்து பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பிறகு வீட்டில் தோய்த்தார்கள். பத்து நாளுக்குள் 37 சேட் திரும்பி வந்தது. கொலர் முனையில் தோல் சுட்ட மாதிரிக் கொப்புளம்.

அண்ணை யாரையும் கேட்கவில்லை. "சூடு காணாது" என்று தானே முடிவெடுத்து, பிரஸ்ஸின் சூட்டை 160இலிருந்து 190க்கு ஏற்றினார், நேரத்தை 12 விநாடியிலிருந்து 25 விநாடியாக்கினார், 40 புதுக் கொலர் வெட்டி ஒட்டினார். அந்த 40இலும் கொப்புளம் இல்லை. ஆனால் கொலரின் முகத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள், தடவினால் வழுவழுப்பு. அதோடு ஒன்றும் கொலரைத் தாங்கும் கழுத்துப் பட்டியான ஸ்டாண்டில் பொருந்தவில்லை. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் முன்பு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பகுதியில் இருந்தவள். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

"தங்கச்சி, முதல் ஒட்டேல்ல எண்டு சொன்னாங்கள். இப்ப ஒட்டினது கூடிப்போச்சு. என்னதான் செய்யிறது?" என்றார். அவர் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. கொப்புளம், பசை ஊடுருவல், சுருக்கம் என்று மூன்று பிழைக்கும் மூன்று பெயர் இருந்தாலும் அவருடைய பட்டறையில் அவை ஒரே அளவையின் இரண்டு பக்கங்கள். அந்த அளவையை அவர் ஒருநாளும் அளந்ததில்லை. அவர் பார்த்தது பிரஸ்ஸின் முகப்பில் தெரிகிற எண்ணை மட்டும்தான்.

திரும்பி வந்த 37

போனதும் பிரஸ்ஸைத் தொடவில்லை. திரும்பி வந்த சேட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி, கொப்புளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். 37இல் 34இல் அணிபவரின் வலது முனையில் மட்டும் கொப்புளம். இடது முனை கல் மாதிரி இருந்தது. மீதி மூன்றில் கொலர் முழுக்கவே கொப்புளித்திருந்தது. அந்த மூன்றைத் தனியே எடுத்து வைத்தேன்.

துணியில் பிழை என்றால் இரண்டு முனையிலும் வந்திருக்கும். கன்வஸ் தோய்ச்சலில் சுருங்கியிருந்தால் கொலர் முழுக்க அலை அலையாக நெளிந்திருக்கும். ஒரு முனையில் மட்டும் வருவது பிரஸ்ஸின் ஒரு மூலையைக் காட்டுகிறது. துணியை முகம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே கன்வஸை வைத்து ஒட்டுகிற வழக்கம் இங்கே. முனைகள் இரண்டும் பிரஸ் வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்தபடி இருக்கும். முகம் கீழே என்பதால் அணிபவரின் வலது, பிரஸ்ஸில் இடது. அதுவும் முன் வரிசை. பிள்ளை ஒரு தரத்துக்கு இரண்டு கொலர் வைப்பாள், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அப்படியென்றால் 120இல் 60 கொலர் அந்த மூலைக்குப் போயிருக்கிறது. 34 வந்துவிட்டது, மீதி இன்னும் வாளிக்குள் இறங்கவில்லை என்று கணக்குப் போட்டேன். அண்ணையின் முகம் வாடிப்போனது.

அடுத்து ஒரு கொலரின் தையலைப் பிரித்து, கொப்புளத்துக்குள் கன்வஸின் பசைப் பக்கத்தை நூல் எண்ணும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இந்தப் பார்வை நிறையச் சொல்லும். நன்றாக ஒட்டிப் பிறகு கழன்ற பசைப் புள்ளி தட்டையாக இருக்கும், அதன் மேல் துணியின் இழைகள் பிய்ந்து பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். ஒட்டவே ஒட்டாத புள்ளி, ரோலில் இருந்த மாதிரியே உருண்டையாக, பளபளவென்று, இழை ஒன்றும் இல்லாமல் இருக்கும். வலது முனையில் இருந்தவை உருண்டைகள். அந்தக் கொலரின் நடுப்பகுதியை வலிந்து பிரித்துப் பார்த்தால் அங்கே தட்டைப் புள்ளியும் நீல இழையும். ஒரே கொலர், ஒரே விநாடி, இரண்டு விதம். முனையில் பசை உருகவே இல்லை. தைத்து முடித்த சேட்டில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் விளிம்புத் தையல்தான். தையல் இரண்டு துணியையும் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் உள்ளே போனதும் குட்டு வெளிப்பட்டது.

கன்வஸ் ரோலின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் பசை உயர் அடர்த்திப் பொலிஎதிலீன் என்று இருந்தது. சேட் கொலருக்கு அது சரியான சாமான். அடிக்கடி தோய்த்தாலும் தாங்கும். ஆனால் அது உருகுவதற்கு ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வேண்டும், உருகிய பிறகு துணிக்குள் இறங்குவதற்கு நல்ல அழுத்தமும் வேண்டும். குறைந்த அடர்த்திப் பொலிஎதிலீன் 110 பாகை அளவிலேயே இளகிவிடும். பார்வைக்கு இரண்டு கன்வஸும் ஒரே வெள்ளை, ஒரே முரடு. தாள் கிழிந்த ரோலைக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள் எதை வாங்கினோம் என்று தெரியாமலே வாங்குகிறார்கள். இந்த முறை தாள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பசை கண்ட சூடு

பிரஸ்ஸின் முகப்பில் 160 என்று காட்டும் எண், மேல் தகட்டுக்குள் உணரி வைத்திருக்கிற ஒரே இடத்தின் சூடு. பசைக்கு எட்டுகிற சூடு வேறு. தகட்டுக்கும் பசைக்கும் இடையில் டெஃப்லோன் தாள் இருக்கிறது, கன்வஸ் இருக்கிறது, அவற்றுக்குள் ஈரமும் இருக்கிறது. தொழிற்சாலையில் இதை அளக்க, குறித்த சூட்டில் நிறம் மாறும் தாள் பட்டிகளை இரண்டு துணிக்கும் நடுவில் வைப்போம். இங்கே அது கைக்கு எட்டவில்லை. மின்பொருள் கடையில் சூடு பார்க்கும் கம்பி முனையோடு வருகிற மல்டிமீற்றர் கிடைத்தது. அந்தக் கம்பி மெலிசு, இரண்டு இழையை முறுக்கிய ஒரு நுனி. அதைத் துணிக்கும் கன்வஸுக்கும் நடுவில் வைத்து, பிரஸ்ஸை மூடி, 12 விநாடி முடியும்போது எண்ணைக் குறித்தேன்.

நடுவில் 141 பாகை. வலது முன்மூலையில் 137. இடது முன்மூலையில் 118.

118இல் இந்தப் பசை உருகாது. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "மீற்றர் பிழையாயிருக்கும்" என்றார். சரி என்று மீற்றரைக் கொதிக்கிற கேத்தில் தண்ணீரில் பிடித்துக் காட்டினேன். 99, 100 என்று ஆடியது. அதற்குப் பிறகு அவர் மீற்றரோடு சண்டை பிடிக்கவில்லை.

இதற்குள் மூன்று காரணம் கலந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதலாவது ஈரம். கார்த்திகை மழை, துணிக்கட்டு சீமெந்து நிலத்தில் கிடந்தது. துணியை மட்டும் 5 விநாடி வெறுமனே பிரஸ்ஸில் வைத்து எடுத்து, பிறகு ஒட்டியபோது இடது மூலை 124 காட்டியது. ஈரத்தை ஆவியாக்கவே 6 பாகை போயிருக்கிறது. முழுக்கக் கொப்புளித்த மூன்று கொலர் ஏன் அப்படி ஆனது என்பதும் இதில் ஓரளவு விளங்கியது. கட்டின் அடியில் கிடந்த துணி அவை, மடிப்பில் மங்கல் ஈரத் தழும்பு இருந்தது. துணிக்கும் கன்வஸுக்கும் இடையில் எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் பசையைத் தூக்கிப் பிடிக்கும்.

இரண்டாவது அழுத்தம். இது கைப்பிடி பிரஸ், அழுத்தம் காட்டும் கருவி ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பிரஸ் ஆறி இருக்கும்போது நாலு மூலையிலும் நடுவிலும் ஒரே அகலக் கடதாசிப் பட்டிகளை வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் இருந்த பட்டி கிழிந்தது. இடது முன்மூலையில் இருந்தது சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே இருக்கும் பஞ்சு மெத்தை அந்த மூலையில் அமுங்கிப் போயிருந்தது. பிள்ளை ஒவ்வொரு முறையும் இடது பக்கம் நின்று, முன்மூலையிலிருந்துதான் கொலரை அடுக்கத் தொடங்குவாள். வருடக்கணக்கான பழக்கம் மெத்தையில் பதிந்துவிட்டது.

மூன்றாவது தகடு. மின்வேலை தெரிந்த தம்பி ஒருவர் மேல்மூடியைக் கழற்றினார். மூன்று ஹீட்டர் பட்டியில் இடது பக்கத்தின் இணைப்பு முனை கருகி, கம்பி தொட்டும் தொடாமலும் நின்றது. உணரி நடுவில் இருப்பதால் நடு 160க்கு வந்ததும் கருவி மின்னை நிறுத்திவிடும். இடது பக்கம் குளிர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. மின்னழுத்தமும் பார்த்தோம். மாலை ஆறரைக்கு 205 வோல்ட்தான் இருந்தது. ஹீட்டரின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் 230இலிருந்து 205க்கு இறங்கினால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தகடு சூட்டை எட்டும், ஆனால் ஒவ்வொரு தரம் மூடும்போதும் இழக்கிற சூட்டை மீட்கத் தாமதிக்கும். அவசரத்தில் அடுத்தடுத்து மூடினால் பத்தாவது கொலர் முதலாவது கொலர் கண்ட சூட்டைக் காணாது. ஓடரின் பெரும்பகுதி மாலையில்தான் ஒட்டப்பட்டிருந்தது.

190இல் ஒட்டிய 40

அண்ணையின் மருந்து என்ன செய்தது என்று இப்போது விளங்கும். இடது மூலையில் 118 இருந்ததை உருகுகிற அளவுக்குக் கொண்டுவர முழுப் பிரஸ்ஸையும் 30 பாகை ஏற்றி, நேரத்தையும் இரட்டித்துவிட்டார். மூலை குணமானது. நடு எரிந்தது. இணைப்பைத் திருத்துவதற்கு முன் அதே 190, 25 விநாடியில் ஒருமுறை அளந்தேன். நடுவில் 172.

அந்தச் சூட்டில் பொலிஎதிலீன் தண்ணீர் மாதிரி ஓடும். மெலிசான துணியின் இழை இடுக்குகளால் மேலே வந்து முகத்தில் நிற்கும். தொழிற்சாலையில் இதை ஸ்ட்ரைக் த்ரூ என்போம். இதே பசை மறுபக்கம், கன்வஸின் முதுகால் வெளியே வந்தால் ஸ்ட்ரைக் பேக். அது துணியைக் கெடுக்காது, டெஃப்லோன் தாளைக் கெடுக்கும். தாளில் ஒட்டிய பசை அடுத்த கொலரில் பதியும்.

கறையைப் பார்த்து இது எது என்று சொல்லிவிடலாம். கொலரின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். புள்ளிகள் ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக இருந்தன. கன்வஸை மேலே பிடித்து ஒப்பிட்டால் வரிசைக்கு வரிசை பொருந்தியது. அப்படியென்றால் அது உள்ளிருந்து வந்த பசை. ஆனால் நாலைந்து கொலரில் வேறு விதமான கறையும் இருந்தது, ஒழுங்கில்லாமல், நீட்டுக்கோடாக. அது தாளிலிருந்து வந்தது. பிரஸ்ஸின் டெஃப்லோன் தாளைப் பார்த்தால் பிளேட்டால் சுரண்டிய கீறல்கள் இருந்தன. கீறலுக்குள் பசை தங்கியிருந்தது. தாள் இளஞ்சூடாக இருக்கும்போது பருத்தித் துணியால் துடைத்தாலே போதும், பிளேட் பட்ட தாளுக்கு இனி வேலை இல்லை. அதை மாற்றச் சொன்னேன்.

கறுப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் பசை கறுத்தது இல்லை. பசை நனைத்த இழை ஒளியை வேறு விதமாகத் திருப்புகிறது, வெளிர் நிறத்தில் அது ஈரப்புள்ளி மாதிரி இருண்டு தெரியும். கடும் நீலத் துணியாக இருந்திருந்தால் இந்த 40உம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், பிறகு அயன் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சுருக்கம். வெட்டும்போது கொலரின் கழுத்துப் பக்கம் 41 சென்டிமீட்டர். ஒட்டிய பிறகு அளந்தால் 40.3. ஏழு மில்லிமீட்டர் குறைவு. ஸ்டாண்ட் 41க்கே வெட்டியிருந்தது. அதைக் கொலரோடு சேர்க்கும்போது தையல்காரர் ஏழு மில்லியை எங்கேயாவது மறைக்க வேண்டும். மறைத்த இடம் பின்கழுத்தில் கொசுவமாக நின்றது. பொலியெஸ்டர் இழையை நெய்யும்போதும் சாயமேற்றும்போதும் இழுத்து வைக்கிறார்கள். ஆலையில் அதைச் சூட்டில் நிலைப்படுத்திய அளவைவிடக் கூடிய சூட்டை நாம் கொடுத்தால் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். எந்த அளவுக்கு நிலைப்படுத்தியிருக்கிறார்கள் என்பது துணிக்குத் துணி வேறுபடும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

சோதித்த விதம்

இணைப்பு, மெத்தை, தாள் மூன்றும் மாற்றியாயிற்று. இப்போது நாலு மூலையும் நடுவும் 4 பாகை வித்தியாசத்துக்குள் நின்றன. புதிய கொலர்கள் வெட்டுவதற்கு முன் அதே துணிக்கட்டிலிருந்தும் அதே கன்வஸ் ரோலிலிருந்தும் துண்டு எடுத்தோம். வேறு கட்டிலிருந்து எடுத்த துண்டு இந்தக் கட்டுக்குச் சாட்சி சொல்லாது.

கடையில் கன்வஸ் விற்கிறவர் அயன் பெட்டியால் ஒட்டிக் காட்டுவார். அது ஒட்டும். அயன் பெட்டிக்கு நிலையான சூடும் இல்லை, நிலையான அழுத்தமும் இல்லை, கை எவ்வளவு நேரம் நின்றது என்பதும் கணக்கில் இல்லை. அதிலிருந்து பிரஸ்ஸுக்கு எந்த எண்ணையும் கொண்டுவர முடியாது.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர். துணியின் மேல் விட்டதும் ஊறிவிட்டது. முத்து மாதிரி நின்றிருந்தால் துணியில் நீரை விலக்கும் பூச்சு இருக்கிறது, பசையையும் அது விலக்கும், மேற்கொண்டு நேரம் செலவழிப்பதற்கு முன் துணியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

பிறகு 30 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள், நெசவின் நீளப்போக்கை அம்புக்குறியால் காட்டி. ஒவ்வொன்றிலும் 25 சென்டிமீட்டர் சதுரம் நூலால் குறித்தோம். பேனை அடையாளம் தோய்ச்சலில் மங்கும், நூல் மங்காது. 25 சென்டிமீட்டரில் 1 மில்லி குறைந்தால் 0.4 வீதம், கணக்கும் சுலபம். நேரத்தை 15 விநாடியில் நிறுத்தி, அழுத்தத்தைத் தொடாமல், சூட்டை மட்டும் மாற்றினோம். பசை கண்ட சூடு 140, 150, 165. ஒரு நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு சொல்ல முடியாது.

எடுத்த துண்டை உடனே கையில் தூக்க விடவில்லை. முன்பு பிள்ளை சூட்டோடு சூடாகக் கொலரை மடித்துப் பெட்டிக்குள் போடுவாள். பசை அப்போதும் இளகியே இருக்கும், வளைந்தபடி இறுகும், அல்லது வளைவில் விட்டுவிடும். மேசையில் தட்டையாகப் பரப்பி ஆறவிட்டோம். ஒட்டின் வலுவையும் அன்றே பார்க்கவில்லை, அடுத்த நாள் பார்த்தோம்.

வலு பார்க்க 5 சென்டிமீட்டர் அகலப் பட்டி. ஒட்டும்போதே ஒரு முனையில் துணிக்கும் கன்வஸுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் கடதாசி வைத்துவிட்டால் அங்கே ஒட்டாது, பிடிக்க வாய் கிடைக்கும். கன்வஸின் வாயை மேசை விளிம்பில் இறுக்கிக் கட்டி, துணியின் வாயில் பயணப் பெட்டி நிறுக்கிற தொங்கு தராசைக் கொளுவி, பின்னோக்கி மெதுவாக ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். தராசு தொடக்கத்தில் ஒரு முறை எகிறும், அதை விட்டுவிட்டுப் பிரிந்துகொண்டு வரும்போது காட்டுவதைக் குறிக்க வேண்டும். சேட் கொலருக்குத் தோய்ச்சலுக்குப் பிறகும் ஒரு கிலோவாவது நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற எல்லை.

தோய்ச்சலுக்குத் தொழிற்சாலையில் மெஷின் இருக்கும், நேரம் குறித்த சுற்று இருக்கும். நாங்கள் சேட் வாங்கியவர்கள் வீட்டில் எப்படித் தோய்ப்பார்களோ அப்படியே செய்தோம். இரவு முழுக்கச் சோப்புத்தூள் கரைசலில் ஊறவைத்து, காலையில் தோய்க்கிற கல்லில் அடித்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, கிடைத்த வெயிலில் காயவிட்டு, பருத்திச் சூட்டில் அயன். ஐந்து முறை. மழை காரணமாக ஒன்பது நாள் ஆனது. அண்ணை நாளுக்கு இரண்டு தரம் கேட்டார், "முடிஞ்சுதே?" என்று.

140இல் ஒட்டிய பட்டி அடுத்த நாள் 900 கிராமில் பிரிந்தது. ஐந்து தோய்ச்சலுக்குப் பிறகு 350. விரலால் வழித்தால் கொப்புளம் நகரும். 150இல் ஒட்டியது 1.6 கிலோ, தோய்ச்சலுக்குப் பின் 1.3. 165இல் 1.8, பின் 1.5. எண்ணை மட்டும் பார்த்தால் 165 வென்றுவிடும். அண்ணை கையை நீட்டியதும் அதற்குத்தான். "இதைத்தானே போட வேணும் தங்கச்சி, கூடப் பிடிக்குதெல்லே?"

165இல் எடுத்த துண்டை முகத்தோடு முகம் படும்படி மடித்து, பிரஸ்ஸில் மறுபடி 15 விநாடி வைத்தேன். ஆறிய பிறகு விரித்தபோது சர்ரென்று சத்தம் கேட்டது. லேசாக ஒட்டியிருந்தது. பசை முகத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை, கண்ணுக்கு இன்னும் புள்ளி தெரியாவிட்டாலும். 150இல் எடுத்ததை அதேபோல் மடித்து வைத்தேன், சத்தமில்லாமல் விரிந்தது. கன்வஸோடு கன்வஸ் படும்படி மடித்தும் பார்த்தோம், அதுவும் ஒட்டவில்லை, தாளுக்கும் ஆபத்தில்லை. சுருக்கத்தை அளந்தால் 165இல் 25 சென்டிமீட்டர் சதுரம் நீளப்போக்கில் 24.6 ஆகியிருந்தது, 1.6 வீதம். 150இல் 24.9, அதாவது 0.4. 41 சென்டிமீட்டர் கொலரில் 0.4 வீதம் என்றால் ஒன்றரை மில்லி. அதைத் தையல்காரர் கையாலேயே சமாளிப்பார்.

150ஐப் பசைக்குக் கொடுக்க முகப்பில் 168 வைக்க வேண்டியிருந்தது. இந்த 168ஐ வேறொருவர் தன் பிரஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனால் அது பிழையாகிவிடும், அண்ணையின் பிரஸ்ஸுக்கே அடுத்த வருடம் பிழையாகலாம். சுவரில் எழுதி ஒட்டியது 168ஐ அல்ல, 150ஐ. அதன் கீழே 15 விநாடி, துணிக்கு முதலில் 5 விநாடி வெறும் சூடு, ஆறும் வரை தூக்கக்கூடாது. காலையில் தொடங்கும்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கம்பி நுனியை இடது மூலையில் வைத்து ஒருமுறை பார்க்கிறாள் பிள்ளை. மாலையில் மின்னழுத்தம் 210க்குக் கீழே போனால் ஒட்டுவதை நிறுத்தி, வெட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பழைய சேட்டுகள்

தோய்க்காமல் இருந்த சேட்டுகளைக் கேட்டு வாங்கினோம். முன் வரிசைக் கொலர்தான் என்று வெளியிலிருந்து தெரியாததால் கிடைத்த எல்லாவற்றையும் வாங்க வேண்டியதாயிற்று. பசை உருகாமல் இருப்பதால் அது இன்னும் வீணாகவில்லை. கொலரின் உட்பக்கத்திலிருந்து வலது முனையை மறுபடி பிரஸ்ஸில் வைத்து, துணி ஒரு அடுக்குக் கூடுவதால் கம்பியால் அளந்து நேரத்தைக் கூட்டி, பெரும்பாலானதைக் காப்பாற்றினோம். தோய்த்து வந்த 37இல் அது சரிவரவில்லை. கொப்புளத்துக்குள் துணியும் கன்வஸும் தனித்தனியே காய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவில் நின்றன. அழுத்தினால் கொப்புளம் சுருக்கமாகப் படிந்தது. அவற்றுக்குக் கொலர் மாற்றினோம். 190இல் ஒட்டிய 40 தூக்கிப் போடப்பட்டது.

இரண்டாவது ரோல்

புதுக் கொலர்கள் பாதி ஒட்டும்போது கன்வஸ் முடிந்தது. அண்ணை அதே கடையில் அதே பெயரில் இன்னொரு ரோல் வாங்கி வந்தார். தாளில் இருந்ததும் அதே எழுத்து. "அதே சாமான்தான், கடைக்காரர் சத்தியம் பண்ணுறார்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஒன்பது நாள் மறுபடி காக்க யாருக்குத்தான் பொறுமை.

ஒரு குறுக்கு வழி எடுத்தோம். கன்வஸின் பங்கு தோய்ச்சலில் தெரிவதால், ஒட்டாமல் கன்வஸை மட்டும் 25 சென்டிமீட்டர் குறித்து, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தட்டையாகக் காயவிட்டு அளந்தோம். பழைய ரோலில் மிஞ்சியிருந்த துண்டையும் பக்கத்தில் போட்டோம். துணியை மட்டும் அதே வாளியில். துணி 24.8இல் நின்றது. பழைய கன்வஸ் 24.7. புதிய கன்வஸ் 24.2.

0.8 வீதம் சுருங்குகிற துணியோடு 3.2 வீதம் சுருங்குகிற கன்வஸ். ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாவது மூன்றாவது தோய்ச்சலில் கன்வஸ் உள்ளே இழுக்கும், துணி மிஞ்சிப் போய் எங்கே பிடி தளர்கிறதோ அங்கே எழும்பும். அந்தக் கொப்புளம் ஒரு முனையில் வராது, கொலர் முழுக்க வரும். லென்ஸில் பார்த்தால் தட்டைப் புள்ளியும் இழையும் இருக்கும். பிரஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. நெய்த பிறகு இந்த ரோலைச் சரியாகச் சுருக்காமல் பசை பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அண்ணை மூன்று துண்டையும் அளவுகோலையும் ஒரு பையில் போட்டு, ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். பின்னேரம் வேறொரு ரோலோடு வந்தார். அதன் ஓரத்திலிருந்து முழம் ஒன்றை வெட்டி, பிள்ளையிடம் கொடுத்தார். "முதல் இதைத் தண்ணியில போடு" என்றார்.